முழுப் பணமும் கொடுத்துவிட்டால் இணையதளம் முழுவதும் நம்முடையதா?

*வணக்கம் சார். நான் ஆன்லைனில் கணித வகுப்பு நடத்துகிறேன். புதிய இணையதளம் செய்ய ஒரு ஃப்ரீலான்ஸ் டெவலப்பரிடம் பேசி முடித்திருக்கிறேன். அவர் அனுப்பிய ஒப்பந்தத்தில் உரிமை பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: “முழுத் தொகையும் செலுத்தப்பட்ட பின் இணையதளத்தின் உரிமை வாடிக்கையாளரைச் சேரும்.” இது போதுமா? வகுப்பு முன்பதிவு காலண்டர் அவர் முன்பே எழுதி வைத்திருப்பதாம். எல்லா வாடிக்கையாளருக்கும் அதைத்தான் போடுகிறாராம். “அதை மட்டும் உங்கள் பெயருக்கு எழுதித்தர முடியாது” என்கிறார். இது நியாயமா? என் தோழிக்கு அவளுடைய பழைய டெவலப்பர் டிசைன் ஃபைலைத் தரவே முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால்தான் கையெழுத்துப் போடப் பயமாக இருக்கிறது.*

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ஒரு வரி போதாது. அதற்காக அவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தங்கள் பலவற்றிலும் ஏறக்குறைய இதே வரிதான் கைமாறிக் கைமாறி வருகிறது. காலண்டர் விஷயத்தில் அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் பதிலுக்கு நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை நமக்குத்தானே சொந்தம் என்ற எண்ணம் இயல்பானது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. எழுதியவரே முதல் உரிமையாளர் என்பதுதான் பெரும்பாலான நாடுகளின் பதிப்புரிமைச் சட்டத்தில் அடிப்படை விதி. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் தன் பணியின் பகுதியாக எழுதினால் அது முதலாளிக்குப் போகும். ஃப்ரீலான்சர் ஊழியர் அல்ல. டெவலப்பர் எழுதும் நிரலான கோடும் சட்டத்தின் கண்ணில் ஒரு எழுத்துப் படைப்புதான், அதனால் அதற்கும் இதே விதி.

இதைத் தெளிவாகச் சொன்ன வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் வீடற்றவர்களுக்காக இயங்கிய ஓர் அமைப்பு, ஜேம்ஸ் ரீட் என்ற சிற்பியிடம் ஒரு சிற்பம் செய்யச் சொன்னது. கருத்து அமைப்பினுடையது, செலவும் அவர்களுடையது, வேலை நடக்கும்போது யோசனைகளும் சொன்னார்கள். உரிமை பற்றி எழுத்தில் எதுவும் இல்லை. 1989-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ரீட் ஊழியர் அல்ல, தனித்து இயங்கும் ஒப்பந்தக்காரர், எனவே ஊழியர் செய்த வேலை என்ற அடிப்படையில் அமைப்பு உரிமை கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. “ஐடியா என்னுடையது, பணமும் என்னுடையது” என்பது இணையதள விஷயத்திலும் இதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

ஆக, உரிமை அவரிடமிருந்து உங்களுக்கு வர வேண்டுமென்றால் அவர் அதை எழுத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டும், அதில் அவருடைய கையெழுத்து இருக்க வேண்டும். இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டுச் சட்டங்களும் இதைக் கேட்கின்றன. இன்வாய்ஸில் “முழுத் தொகை பெறப்பட்டது” என்று இருப்பது பணம் போனதற்குச் சான்று. உரிமை வந்ததற்குச் சான்று ஆகாது. அப்படி எழுத்து எதுவும் இல்லாவிட்டால், இணையதளத்தைப் பயன்படுத்தும் அனுமதி உங்களுக்கு இருக்கிறது என்று பெரும்பாலும் வாதிடலாம். ஆனால் வேறொருவரை வைத்துத் திருத்தலாமா, இன்னொரு தளத்துக்கு அதே கோடைப் பயன்படுத்தலாமா, தொழிலை விற்கும்போது சேர்த்து விற்கலாமா என்ற கேள்வி ஒவ்வொன்றும் தகராறாகலாம்.

இப்போது உங்கள் ஒப்பந்த வரிக்கு வருவோம். “உரிமை வாடிக்கையாளரைச் சேரும்” என்கிறது. எந்த உரிமை என்று சொல்லவில்லை. “இணையதளம்” என்ற ஒரே சொல்லுக்குள் கோடு, படங்கள், எழுத்துகள், டிசைன் ஃபைல் எல்லாம் அடங்குமா என்றும் தெரியவில்லை. அதைவிட முக்கியம், அது இனிமேல் நடக்கப்போகும் ஒன்றைப் பற்றிய வாக்குறுதிபோல எழுதப்பட்டிருக்கிறது. “மாற்றித் தருவார்” என்று எழுதினால், பின்னால் ஒருநாள் அவர் இன்னொரு தாளில் கையெழுத்திட வேண்டும் என்று பொருள் கொள்ள இடம் உண்டு. அந்த நாளில் அவர் போனை எடுக்காமல் இருக்கலாம். “இதன்மூலம் மாற்றிக் கொடுக்கிறார்” என்று எழுதினால் இந்தக் கையெழுத்தே போதும்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் தன் ஆய்வாளர் ஒருவரிடம் வாங்கியிருந்த ஒப்பந்தத்தில் “மாற்றித்தர ஒப்புக்கொள்கிறேன்” என்று இருந்தது. அதே ஆய்வாளர் பின்னால் ஒரு நிறுவனத்தில் கையெழுத்திட்ட தாளில் “இதன்மூலம் மாற்றித் தருகிறேன்” என்று இருந்தது. முன்னால் கையெழுத்தானது பல்கலைக்கழகத்தின் தாள்தான். ஆனால் நீதிமன்றத்தில் வென்றது இரண்டாவது தாள். 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயும் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாகவில்லை. அது கண்டுபிடிப்புக் காப்புரிமை வழக்கு, பதிப்புரிமை வழக்கு அல்ல. ஆனாலும் ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் எல்லாரும் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்.

உங்கள் ஒப்பந்தம் இந்தியச் சட்டத்தின் கீழ் வருமானால் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். எந்த நிலப்பகுதி என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். வாங்கியவர் அந்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். உங்களிடம் இருக்கும் வரியில் காலமும் இல்லை, இடமும் இல்லை. அப்படியே கையெழுத்தானால் ஆறாம் ஆண்டில் உரிமை அவருக்கே திரும்பிவிட்டது என்று வாதிட வழி இருக்கும். நீங்களும் டெவலப்பரும் வேறு வேறு நாட்டில் இருந்தால், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று ஒரு வரி சேருங்கள். எந்தச் சட்டமானாலும் காலத்தையும் இடத்தையும் எழுதிவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக இதைப் போடச் சொல்லுங்கள்:

> “இந்த ஒப்பந்தத்தின்படி உருவாக்கப்படும், இணைப்பு 1-இல் பட்டியலிட்டுள்ள கோடு, எழுத்து, படம், டிசைன் ஆகியவற்றின் பதிப்புரிமை முழுவதையும் டெவலப்பர் இதன்மூலம் வாடிக்கையாளருக்கு மாற்றிக் கொடுக்கிறார். ஒவ்வொரு பகுதிக்குமான மாற்றம், அந்தப் பகுதிக்குரிய தவணை செலுத்தப்பட்டவுடன், வேறு கையெழுத்து எதுவும் தேவைப்படாமல் நடைமுறைக்கு வரும். இம்மாற்றம் உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும் உரியது. வாடிக்கையாளர் இவ்வுரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பயன்படுத்தவில்லை என்ற காரணத்தால் இது காலாவதியாகாது.”

இதில் வரும் “இணைப்பு 1” என்பதுதான் ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்பேன். பலர் ஷரத்தை நன்றாக எழுதிவிட்டு இணைப்பைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். உங்கள் தளத்தில் என்னென்ன இருக்கும் என்று டெவலப்பரோடு உட்கார்ந்து எழுதுங்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் முகப்புப் பக்கம், பாடப் பக்கங்களின் அமைப்பு, மாணவர் நிலையைக் கண்டறியும் தேர்வு இருந்தால் அதன் கோடு, லோகோ, நிறமும் எழுத்துருவும் வகுத்த டிசைன், அவர் தரப்பில் எழுதப்படும் அறிமுக வாசகங்கள் ஆகியவை இதில் வரும். இவை உங்களுக்கென்றே புதிதாகப் பிறப்பவை, உங்களுக்கே சொந்தமாக வேண்டியவை.

காலண்டர் இந்தப் பட்டியலில் வராது. அது உங்கள் வேலை வருவதற்கு முன்பே அவரிடம் இருந்தது. அதை உங்களுக்கு முழுவதுமாக எழுதிக் கொடுத்துவிட்டால், மறுநாள் வேறு வாடிக்கையாளரின் தளத்தில் அவர் அதைப் பயன்படுத்துவதே உங்கள் உரிமையை மீறுவதாகிவிடும். எந்த அனுபவமுள்ள டெவலப்பரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார். சம்மதித்தால்தான் நான் சந்தேகப்படுவேன். அவர் வேறு நாலு பேருக்கும் இதேபோல “முழு உரிமை” எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்.

அதனால் காலண்டரை “இணைப்பு 2: டெவலப்பரிடம் முன்பே இருந்த கோடு” என்று தனியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். உரிமை அவருக்கு, பயன்படுத்தும் அனுமதியான உரிமம் உங்களுக்கு. அந்த உரிமம் எவ்வளவு அகலமானது என்பதில்தான் உங்கள் பாதுகாப்பு இருக்கிறது. “பயன்படுத்தலாம்” என்று மட்டும் எழுதினால் பயன்படுத்த மட்டும்தான் முடியும். இரண்டு ஆண்டு கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், காலண்டரில் ஒரு பிழை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய டெவலப்பர் அதைத் தொடலாமா என்பதற்கு ஒப்பந்தத்தில் விடை இருக்க வேண்டும். எனவே இப்படி:

> “இணைப்பு 2-இல் உள்ள கோடு டெவலப்பருக்கே உரியது. அதை இந்த இணையதளத்திலும் அதன் பிற்காலப் பதிப்புகளிலும் பயன்படுத்தவும், திருத்தவும், பிறரைக் கொண்டு திருத்திக்கொள்ளவும், தொழிலை மற்றொருவருக்கு மாற்றும்போது இவ்வுரிமத்தையும் சேர்த்து மாற்றவும் வாடிக்கையாளருக்கு நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத, மேற்கட்டணம் இல்லாத, உலகளாவிய உரிமம் இதன்மூலம் வழங்கப்படுகிறது. இணைப்பு 2-இல் பெயர் குறிப்பிடப்படாத எதுவும் இணைப்பு 1-ஐச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், வேலை முடிந்த பிறகு “இதுவும் என் பழைய கோடுதான், அதுவும் என் பழைய கோடுதான்” என்று பட்டியல் வளரும். மூன்றாம் தரப்புக் கோடுக்கு மட்டும் இதில் ஒரு விலக்கு வைக்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

இங்கே ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. உங்கள் மாணவர்கள் வேறு வேறு நேர மண்டலங்களில் இருக்கிறார்கள் என்பதற்காக அவர் காலண்டரில் மாற்றங்கள் செய்கிறார் என்று வைப்போம். பணம் நீங்கள் கொடுத்தீர்கள். அந்த மாற்றம் யாருடையது? அதையும் அவருக்கே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அவருடைய கோடுக்குள் ஊடுபாவாகக் கலந்துவிட்ட பத்து வரிகளை உங்களுடையது என்று பிரித்து வைத்துக்கொள்வதால் உங்களுக்குப் பயன் எதுவுமில்லை. உரிமம் அதற்கும் சேர்த்துத்தான் என்று எழுதினால் போதும். ஆனால் உங்கள் கற்பிக்கும் முறையே கோடாக மாறும் இடம், உதாரணமாக எந்த மாணவரை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் பகுதி, காலண்டருக்குள் போகக் கூடாது. அதைத் தனிக் கோப்பாக எழுதச் சொல்லி இணைப்பு 1-இல் வையுங்கள்.

கையெழுத்திடும் முன் அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: “உங்கள் சர்வர் நின்றுபோனால் இந்தக் காலண்டர் ஓடுமா?” இப்படி எல்லாருக்கும் போடும் கருவிகள் சிலவற்றில், லைசென்ஸ் சாவியை டெவலப்பரின் சர்வரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே இயங்கும்படி வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் தாளில் “நிரந்தர உரிமம்” இருந்தும், அந்த சர்வர் அணைந்த அன்று உங்கள் முன்பதிவும் நின்றுவிடும். தொலைவிலிருந்து முடக்கும் வசதி எதுவும் கோடில் இருக்காது என்று ஒரு வாக்கியம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒரு குவியல் இருக்கிறது: உங்களுக்கும் சொந்தமாகாத, அவருக்கும் சொந்தமில்லாத பொருள்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சோர்ஸைத் திறந்து கொடுத்த ஓப்பன் சோர்ஸ் நிரல்கள், எழுத்துருக்கள், விலைக்கு வாங்கும் படங்கள். தளம் வேர்ட்பிரஸில் கட்டப்பட்டால் வேர்ட்பிரஸ் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வருகிறது. அதை யாரும் உங்கள் பெயருக்கு எழுதித்தர முடியாது, அப்படி எழுதித்தரத் தேவையும் இல்லை. அதனால் “தளத்தில் உள்ள அனைத்தும் வாடிக்கையாளருக்கே” என்ற வாக்கியம் எழுதும்போதே பொய்யாகிவிடுகிறது. இவற்றை இணைப்பு 3 ஆக்கி, ஒவ்வொன்றின் பெயரையும் உரிமத்தையும் எதிரெதிரே எழுதச் சொல்லுங்கள். முன்னே சொன்ன “குறிப்பிடப்படாத எதுவும்” வாக்கியத்தில் “இணைப்பு 2 அல்லது 3-இல்” என்று சேர்த்துவிட்டால் விலக்கு சரியாகிவிடும்.

இதில் கவலைப்பட வேண்டியவை கொஞ்சம்தான். ஏஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் உள்ள நிரலைத் திருத்தித் தளத்தில் ஓட்டினால், அதை இணையம் வழியே பயன்படுத்துகிறவர்களுக்குத் திருத்திய சோர்ஸ் கோடைத் தரவேண்டிய கடமை வரும். எனவே அதை உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சேர்க்கக் கூடாது என்று எழுதுங்கள். எழுத்துருவுக்கும் படத்துக்கும் ஒரே விதி: உரிமம் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் வாங்கப்பட வேண்டும். அவர் கணக்கில் வாங்கிப் போட்ட படத்துக்கான உரிமம் உங்களைச் சேராமல் போகலாம், படத்தின் உரிமையாளர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் தளத்தை நடத்தும் நீங்கள். எழுத்துருவில் டிசைனர் தன் கணினியில் நிறுவிக்கொள்ளும் உரிமமும் இணையதளத்தில் காட்டும் உரிமமும் பெரும்பாலும் தனித்தனி என்பதையும் கவனியுங்கள்.

லோகோவை யார் வரைகிறார்கள் என்று கேட்டீர்களா? “என் நண்பர் ஒருத்தர் டிசைனர், அவர் பார்த்துக்குவார்” என்ற பதில் வந்தால் அங்கே நில்லுங்கள். லோகோவின் முதல் உரிமையாளர் அந்த நண்பர். டெவலப்பருக்கும் அவருக்கும் இடையே எழுத்து எதுவும் இல்லையென்றால், டெவலப்பரிடம் இல்லாத உரிமையைத்தான் அவர் உங்களுக்கு மாற்றிக் கொடுக்கிறார். உங்கள் ஒப்பந்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தச் சங்கிலி அறுந்துதான் இருக்கும். வாசகம் எழுதித் தருபவருக்கும் இதே கதைதான். வேலையில் சேரும் ஒவ்வொருவரிடமிருந்தும் டெவலப்பர் எழுத்தில் உரிமை வாங்கியிருப்பார், கேட்டால் அதன் நகலைத் தருவார் என்று எழுதுங்கள். லோகோ மட்டும் மிக முக்கியம் என்பதால், டிசைனரிடமிருந்து நேராக உங்கள் பெயருக்கே ஒரு பக்கத் தாள் வாங்கிவிடுவது நல்லது.

இனி உங்கள் தோழிக்கு நேர்ந்தது. உரிமை வேறு, கோப்பு கையில் இருப்பது வேறு. டிசைனின் பதிப்புரிமை முழுவதும் தோழிக்கே என்று எழுதியிருந்தாலும், ஃபிக்மா என்ற டிசைன் செயலியில் செய்த மூலக் கோப்பைத் தரவேண்டும் என்று எங்கும் எழுதாவிட்டால் டெவலப்பர் படங்களாக ஏற்றுமதி செய்த நாலு PNG கோப்புகளைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்பார். அந்தப் படத்தில் ஒரு பொத்தானின் நிறத்தைக்கூட மாற்ற முடியாது. மூலக் கோப்பில் ஒவ்வொரு எழுத்தும் கட்டமும் தனித்தனி அடுக்காக இருக்கும். தொட்டால் திருத்தலாம். படத்தில் எல்லாம் ஒன்றாக உறைந்திருக்கும்.

கோடிலும் இதே நிலைமை வரும். சர்வரில் இருப்பது எல்லாம் கையில் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். ஆனால் அங்கே போவது பெரும்பாலும் சுருக்கிக் கட்டப்பட்ட கோப்புதான்.

```
src/
  scss/
  js/
dist/
  main.min.css
  main.min.js
package.json
package-lock.json
```

இதில் `dist` மட்டும்தான் தளத்துக்குப் போகும். `main.min.css` கோப்பைத் திறந்து பாருங்கள். ஆயிரக்கணக்கான எழுத்துகள் இடைவெளியே இல்லாமல் ஒரே வரியாக ஓடும். இயங்கும், ஆனால் மனிதர் படித்துத் திருத்துவதற்கானது அல்ல. டெவலப்பர் உண்மையில் எழுதியது `src` கோப்புறையில் இருக்கிறது. அது அவருடைய கணினியில் மட்டும் இருந்தால், சட்டப்படி உரிமையாளராக இருந்தும் அடுத்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.

எனவே ஒப்படைப்புக்குத் தனி ஷரத்து வேண்டும். டிசைனுக்குத் திருத்தக்கூடிய மூலக் கோப்பு, அதுவும் பார்வையிட மட்டும் அனுமதிக்கும் லிங்க்காக இல்லாமல் உங்கள் கணக்குக்கே மாற்றப்பட்டதாக. லோகோவுக்கு எந்த அளவுக்கும் பெரிதாக்கக்கூடிய SVG கோப்பு. கோடுக்குச் சோர்ஸ் முழுவதும், மாற்றங்களின் வரலாற்றோடு, உங்கள் பெயரில் உள்ள கிட் களஞ்சியத்தில், அதாவது கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிடங்கில். டொமைன் பெயரும் ஹோஸ்டிங் கணக்கும் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் இருக்க வேண்டும். இவை பதிப்புரிமையைச் சேர்ந்தவையே அல்ல, அதனால் மேலே உள்ள எந்த ஷரத்தும் இவற்றைக் காப்பாற்றாது.

கோப்புகள் முழுமையாக வந்துவிட்டனவா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தொழில்நுட்பம் தெரியாதவர் பட்டியலைப் பார்த்துத் தலையாட்டுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும் என்று தோன்றலாம். ஒரு எளிய சோதனையை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். இந்த வேலையில் சம்பந்தப்படாத வேறொரு டெவலப்பர், தன் கணினியில், களஞ்சியத்தை மட்டும் வைத்துத் தளத்தைக் கட்டிப் பார்ப்பார். மேலே காட்டியதுபோன்ற அமைப்பென்றால், களஞ்சியத்தை இறக்கியபின் அவர் தட்டச்சு செய்வது வழக்கமாக இவ்வளவுதான்:

```
npm ci
npm run build
```

தளம் சரியாகக் கட்டப்பட்டால் ஒப்படைப்பு முடிந்தது. “இந்தக் கோப்பு இல்லை” என்று பிழை வந்தால் முடியவில்லை. கருவிகள் வேறாக இருந்தால் கட்டளைகளும் வேறாக இருக்கும். எந்தக் கட்டளைகள் என்பதை டெவலப்பரே எழுதித்தரட்டும். கடைசித் தவணை இந்தச் சோதனை முடிந்து, உதாரணமாக ஏழு நாளுக்குள் என்று வையுங்கள்.

தவணையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் வெடிக்கின்றன. “முழுத் தொகையும் செலுத்திய பின்” என்பது உங்களுக்கு ஆபத்தானது. 40, 30, 30 சதவீதம் என்று மூன்று தவணை பேசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணை டிசைனுக்கு, இரண்டாவது கோடுக்கு, மூன்றாவது ஒப்படைப்புக்கு. 70 சதவீதம் கொடுத்த நிலையில் அவர் உடல்நலம் காரணமாக வேலையைத் தொடர முடியவில்லை. யார் மீதும் தப்பில்லை. ஆனால் அந்தப் பழைய வரிப்படி முழுத் தொகை செலுத்தப்படவில்லை, ஆகவே உங்களுக்கு எதுவுமே சொந்தமில்லை. பணம் கொடுத்த டிசைன்கூட. நான் மேலே எழுதிய ஷரத்தில் “அந்தப் பகுதிக்குரிய தவணை” என்று இருப்பது இதற்காகத்தான். அதன்படி டிசைனும், முடிந்த கோடும் அப்போதே உங்களுடையவை. பாதியில் நின்றால், அதுவரை செய்ததற்குக் கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்தவுடன் அரைகுறை வேலையின் உரிமையும் கோப்புகளும் உங்களுக்கு வரும் என்று ஒரு வாக்கியம் கூடுதலாகச் சேருங்கள்.

அவர் பக்கத்தையும் பாருங்கள். கோப்பெல்லாம் முதல் நாளிலிருந்தே உங்கள் களஞ்சியத்தில் இருந்தால், பணம் வராமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு வரும். அந்தப் பயம் சரியானதே. கோப்பு உங்களிடம் இருந்தாலும் தவணை வரும்வரை உரிமை அவரிடமே இருக்கிறது என்பதுதான் அவருக்கான பாதுகாப்பு. அதுவரை சோதித்துப் பார்க்க மட்டும் உங்களுக்கு அனுமதி, பொதுமக்களுக்குத் திறக்க அனுமதி இல்லை என்று எழுதிக் கொடுங்கள். பணம் கொடுக்காமல் திறந்தால் அவர் உங்கள் மேல் பதிப்புரிமை மீறலுக்கே நடவடிக்கை எடுக்கலாம். இதை நீங்களே முன்வந்து சொன்னால், மற்ற ஷரத்துகளை அவர் ஏற்றுக்கொள்வது சுலபமாகும். தளம் வெளியான பிறகு தன் படைப்புகளின் தொகுப்பில் அதைக் காட்டிக்கொள்ளும் அனுமதியையும் கொடுங்கள். உங்களுக்கு அதில் இழப்பு இல்லை.

உங்கள் பாடங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் தொழிலின் சொத்தே அதுதான். தளத்தில் ஏற்றுவதற்காகப் பாடக் குறிப்புகள், காணொளிகள், வினாத்தாள்கள் எல்லாவற்றையும் அவரிடம் கொடுக்கப்போகிறீர்கள். அவை என்றும் உங்களுடையவை, இந்தத் தளத்தைச் செய்வதற்கு மட்டுமே அவர் பயன்படுத்தலாம், வேலை முடிந்ததும் தன்னிடமுள்ள நகல்களை அழித்துவிட வேண்டும் என்று எழுதுங்கள். பாடத்தை அவர் பக்க வடிவுக்கு மாற்றும்போது செய்யும் சிறு திருத்தங்களுக்கும் சேர்த்து. வினாத்தாளைச் சுருக்கி எழுதியது நான்தான் என்ற பேச்சுக்கு இடம் வைக்க வேண்டாம்.

இவ்வளவையும் எழுதினாலும் ஒப்பந்தம் மூன்று நான்கு பக்கத்துக்கு மேல் போகாது. மூன்று இணைப்புகளை நீங்களும் டெவலப்பரும் நிரப்பிய பிறகு, உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். பட்டியலோடு போனால் அவருக்கும் வேலை குறைவு. டெவலப்பர் இணைப்பு 2-ஐ நிரப்பத் தயங்கினால் அவசரப்படுத்தாமல் காரணம் கேளுங்கள். எது தன்னுடையது, எது வேறு வாடிக்கையாளருக்காக எழுதியது என்று அவருக்கே தெளிவில்லாமல் இருக்கலாம். வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட கோடு உங்கள் தளத்துக்குள் வந்துவிடாமல் தடுக்க அதுதான் நேரம்.

தோழியிடம் இதைச் சொல்லுங்கள். முதலில் பழைய மின்னஞ்சல்கள், விலைப்பட்டியல், வாட்ஸப் செய்திகளைத் தேடிப் பார்க்கட்டும். “ஃபிக்மா கோப்பும் சேர்த்து” என்று எங்காவது அந்த டெவலப்பர் சொல்லியிருந்தால், அது உரிமை மாற்றம் ஆகாவிட்டாலும் கோப்பைத் தரவேண்டிய கடமைக்கு ஆதாரமாகும். அப்படி எதுவும் இல்லையென்றால், மூலக் கோப்புகளுக்கும் உரிமை மாற்றத் தாளுக்கும் சேர்த்து ஒரு நியாயமான தொகை பேசி வாங்குவது வழக்குப் போடுவதைவிடச் சீக்கிரம் முடியும். அந்தத் தாளில் பழைய தளத்தின் முகவரி, செய்த வேலையின் விவரம், “இதன்மூலம் மாற்றிக் கொடுக்கிறேன்”, உலகம் முழுவதும், முழுக் காலத்துக்கும், கொடுத்த தொகை, அவர் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். பணத்தைக் கோப்பு உங்கள் தோழியின் கணக்குக்கு மாறிய பிறகு கொடுக்கச் சொல்லுங்கள்.